மேலதிகாரிக்கு யோசனையை எழுதிக் கொடுத்த அனுபவங்கள்: "பார்க்கலாம்" என்று போகாமல் பேச வைத்தது எது?

செக்கிங் மேஜை (திருப்பூர்)

பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். எங்கள் யூனிட்டில் டி-சர்ட் முழுசாகத் தைத்துக் கடைசி மேஜைக்கு வந்த பிறகுதான் செக்கிங். கழுத்தில் வைத்துத் தைக்கும் பட்டியான நெக் ரிப் கோணலாக உட்கார்ந்திருந்தால் அது அங்கேதான் கண்ணில் படும். அதற்குள் கை ஏற்றி, சைடு அடித்து, பாட்டமும் மடித்திருப்பார்கள். ஓவர்லாக் மிஷினில் கத்தி இருக்கிறது. துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டேதான் தைக்கும். ஆல்டர் என்று பிரித்துத் திரும்ப அடித்தால் இன்னொரு முறை வெட்டும், கழுத்து பெரிசாகிவிடும். பிரிக்கும்போது துணியில் ஓட்டை விழுந்தால் அந்த பீஸே போச்சு.

இதற்கு ஒரு வழி பல யூனிட்களில் ஏற்கெனவே இருக்கிறது. செக்கர் லைனுக்குள்ளேயே சுற்றி வந்து, ஒவ்வொரு டெய்லரிடமும் ஏழு பீஸ் எடுத்துப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் மிஷினில் பச்சை அட்டை, ஒன்றில் சின்னக் குறை என்றால் மஞ்சள், அதற்கு மேல் போனால் சிவப்பு. சிவப்பு என்றால் மிஷினை நிறுத்த வேண்டும்.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் இதையே கேட்டு மெயில் போட்டிருந்தார். "நமது யூனிட்டில் தரக் கட்டுப்பாடு பலவீனமாக உள்ளது. எல்லா லைனிலும் உடனடியாக இந்த முறையைக் கொண்டுவர வேண்டும்" என்று ஆரம்பம், முதலாளிக்கும் காப்பி. புரொடக்ஷன் மேனேஜர், அதாவது எங்கள் பி.எம். போட்ட பதில்: "செக்கர் எங்கே? அவுட்புட்டுக்கு யார் பொறுப்பு?" அத்தோடு சரி.

பி.எம்.-மைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலமானால் அவரிடம் கேட்பது எத்தனை பீஸ் இறங்கியது என்பது மட்டும்தான். டெய்லர்களுக்கு பீஸ் ரேட். மிஷினை நிறுத்தினால் அவர்கள் கூலியும் நிற்கும், சண்டை இவரிடம்தான் வரும். அதனால் நான் எழுதியபோது அந்தச் சண்டையை ஒளித்து வைக்காமல் அவர் முன்னாலேயே வைத்தேன். அரைப் பக்கம்தான். இதுதான் அது:

"சார், வணக்கம். போன வாரம் லைன் 3-ல் ஆல்டருக்கு ஒதுக்கிய பீஸ்களை நோட்டில் பார்த்தேன். 212-ல் 131 நெக் ரிப். மீதி பாட்டம், கை என்று சிதறி இருக்கிறது. நோட்டு செக்கிங் மேஜையில்தான் இருக்கிறது.

நெக் ரிப் அடித்து முடிந்த இடத்தில், கை ஏற்றுவதற்கு முன்னால், கட்டுக்கு ஏழு பீஸ் பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை. ஒரே ஒரு லைன், நெக் ரிப் அடிக்கும் மிஷின்கள் மட்டும். கடைசி மேஜையில் இருப்பவர்களில் ஒருவரை மாற்றி உட்கார வைக்கலாம், புது ஆள் வேண்டாம். ஆனால் அங்கே ஒரு ஆள் குறைவதால் முதல் சில நாள் பீஸ் தேங்கும்.

இரண்டு விஷயம் எனக்குத் தெரியவில்லை. தப்பு தொடர்ந்து வந்தால் மிஷினை நிறுத்துவதா, நிறுத்தினால் டெய்லரின் பீஸ் ரேட்டுக்கு என்ன வழி? எந்த லைன் இதைத் தாங்கும்? இரண்டு வாரம் பார்த்து நெக் ரிப் ஆல்டர் குறையவில்லை என்றால் பழையபடி விட்டுவிடலாம். ஷிப்மெண்ட் முடிந்ததும் பேசலாமா?"

காப்பி யாருக்கும் போடவில்லை. அவர் கூப்பிட்டு முதலில் சொன்னது, "லைன் 3 வேண்டாம், அந்த சூப்பர்வைசர் முரண்டு பிடிப்பான், 5-ல் வை." அடுத்தது, "மிஷினை நிறுத்தாதே. சிவப்பு வந்தால் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று அடுத்த ஏழு பீஸையும் பார்க்கட்டும்." நான் எழுதியதில் இல்லாதது இது. ஆனால் டெய்லர்கள் சண்டை போடாததற்குக் காரணம் இதுதான்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள். எழுதிய வாசகத்தையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

லாபக் கணக்கு

அக்கா, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனால் முக்கியமானது விட்டுப்போச்சு. எத்தனை ரூபாய் மிச்சம் என்று போடாத கடிதத்தை எந்த பாஸும் படிக்க மாட்டார். ஒரு பீஸ் ஆல்டருக்கு இவ்வளவு கூலி, மாதத்துக்கு இவ்வளவு, வருஷத்துக்கு இவ்வளவு லட்சம் என்று முதல் வரியில் அடித்துவிட வேண்டும். நான் அப்படித்தான் எழுதுவேன்.

மழைக்காலம்

நானும் இரண்டு மாதமாக இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். சம்பளம் உயர்த்தச் சொல்லி மேனேஜருக்கு எப்படி எழுதுவது? மெயிலா, நேரிலா? மாதிரிக் கடிதம் இருந்தால் யாராவது போடுங்கள் ப்ளீஸ்.

ரிட்டயர்டு பி.எம்.

மழைக்காலம், அது வேறு சங்கதி தம்பி. சம்பளம் கேட்கும்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், அதை நேராகக் கேட்டுவிடலாம். இங்கே பேசுவது, வேலை செய்யும் முறையை மாற்றுவது பற்றி.

நான் அந்தப் பக்க நாற்காலியில் ரொம்ப வருஷம் உட்கார்ந்தவன். எழுத்தில் ஒன்று வந்தால், யோசனை நல்லதா என்று முதலில் பார்க்க மாட்டோம். இந்தத் தாளை நாளைக்கு முதலாளி படித்தால் நான் எப்படித் தெரிவேன் என்றுதான் பார்ப்போம். வாயால் சொன்னது காற்றில் போய்விடும். தாள் அப்படியே கிடக்கும். பையர் தரப்பில் ஆடிட் வரும்போது யார் எந்த ஃபைலைத் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. "தரக் கட்டுப்பாடு பலவீனம்" என்று எழுத்தில் இருந்தால், ஒத்துக்கொள்வதும் ஆபத்து, சும்மா இருப்பதும் ஆபத்து. அப்போது மறுத்துப் பதில் போட்டுவைப்பதுதான் பாதுகாப்பு. அந்த முந்தைய ஆளுக்கு நடந்தது அதுதான்.

இந்தம்மா எழுதியதில் யார் தப்பு என்ற பேச்சே இல்லை. 212-ல் 131, நோட்டு மேஜையில் இருக்கிறது, அவ்வளவுதான். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். என் கண்ணால் பார்த்ததை நான் மறுக்க மாட்டேன்.

ரூபாய்க் கணக்கு சொன்ன தம்பி பாதி சரி. பணம் செலவழிக்க வேண்டிய யோசனை, புது மிஷின் என்றால் கணக்கு இல்லாமல் பேசவே முடியாது. ஆனால் ஆளை இடம் மாற்றுகிற விஷயத்துக்கு வருஷத்துக்கு இத்தனை லட்சம் என்று போட்டால், நான் என்ன செய்வேன்? ஆல்டர் கூலியை எப்படிப் பிடித்தாய், வருஷம் பூராவும் இதே ஸ்டைலா ஓடும், ஆஃப் சீசனைக் கழித்தாயா என்று கணக்கைக் கிழிப்பேன். அரை மணி நேரம் கணக்கிலேயே போகும். யோசனை மேஜைக்கே வராது.

இன்னொன்று. "ஆள் எங்கே இருக்கு?" என்று பாஸ் கேட்டால் மறுத்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். கேள்வி கேட்கிறவன் மனசுக்குள் லைனில் ஆளை நகர்த்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அந்த முந்தைய ஆள் அதற்கு ஒரு பதில் போட்டிருந்தால்கூடப் பேச்சு நகர்ந்திருக்கலாம். சிரித்த முகத்தோடு "நல்ல யோசனைம்மா, பார்க்கலாம்" என்றால்தான் கதை முடிந்தது.

டிக்கெட் நம்பர்

நான் சென்னையில் ஐ.டி. எனக்கு ஒன்று இடிக்கிறது. "இரண்டு விஷயம் எனக்குத் தெரியவில்லை" என்று எழுதினால் எங்கள் இடத்தில் அடுத்த கேள்வி, "தெரியாமல் ஏன் வந்தாய், யோசித்துவிட்டு வா" என்பதுதான். டெஸ்டிங் முறையை மாற்றலாம் என்று நான் இப்படித்தான் திறந்த கேள்வியோடு எழுதினேன். அதைத் தூக்கி இன்னொரு டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

செக்கிங் மேஜை (திருப்பூர்)

டிக்கெட் நம்பர், என்ன கேள்வி விட்டீர்கள் என்று சொன்னால்தான் தெரியும். நான் விட்ட இரண்டும் என் அதிகாரத்தில் இல்லாதவை. பீஸ் ரேட்டை நான் தொட முடியாது, எந்த சூப்பர்வைசர் ஒத்துழைப்பான் என்பது அவருக்குத்தான் தெரியும். எந்த மிஷின், எத்தனை பீஸ், எந்த ஆள் என்பதையெல்லாம் நானே முடிவு பண்ணி எழுதியிருந்தேன். அதையும் அவரிடமே கேட்டிருந்தால் எனக்கும் அதே திட்டு விழுந்திருக்கும்.

டிக்கெட் நம்பர்

"எந்த டூல் சரியாக வரும், எத்தனை நாள் ஆகும்" என்று கேட்டிருந்தேன். இப்போது புரிகிறது, அது என் வீட்டுப்பாடம். ஆனாலும் எங்கள் மேனேஜரிடம் உங்கள் வழி செல்லுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஒரகடம் பஸ்

ஜப்பான் கூட்டுக் கம்பெனியில் இருக்கிறேன். எங்களிடம் எந்த யோசனையும் ஒரே ஒரு A3 தாளில்தான். இடது பாதியில் இப்போது என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது. வலது பாதியில் என்ன செய்யலாம், யார், எப்போது, பலித்ததை எப்படித் தெரிந்துகொள்வது. டொயோட்டாவில் வளர்ந்த பழக்கம். பென்சிலில் எழுதித்தான் எடுத்துப் போவோம். மீட்டிங்குக்கு முன்னாலேயே மெயிண்டனன்ஸ், ஸ்டோர், சூப்பர்வைசர் என்று சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனியாகக் காட்டுவோம். அவர்கள் சொல்வதை அங்கேயே அழித்து எழுதுவோம். மீட்டிங்கில் தாள் வரும்போது பாதி கையெழுத்து அவர்களுடையது, எதிர்க்க ஆள் இருக்காது.

குறையும் உண்டு. எல்லோரும் அழித்து எழுதி, கடைசியில் யோசனையின் பல்லே போய்விடும். என் ஒரு தாள் அப்படித்தான், நான் கேட்ட ஃபிக்ஸ்சர் மாற்றம் போய், ஒரு எச்சரிக்கை போர்டு வைப்பதாக முடிந்தது.

ஃபைல் கட்டு

அரசு அலுவலகத்தில் இதெல்லாம் கனவு. குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர் வழியாக, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். கீழே ஒருவர் "முன்மாதிரி உள்ளதா?" என்று எழுதினால் ஃபைல் திரும்பிவிடும். எங்களுக்குக் கிடைக்கும் நல்ல குறி ஒன்றுதான்: ஓரத்தில் "பேசவும்" என்று போட்டு அனுப்புவார்கள். அதை வாங்குவதற்காகவே நான் குறிப்பின் முடிவில் ஒரே ஆணை கேட்காமல், இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம் என்று இரண்டு வழி வைப்பேன். தபால் பதிவேட்டை மாற்றும் விஷயத்தில் அது வேலை செய்தது. வேறு ஒன்றில் "தெளிவான கருத்துடன் மீள சமர்ப்பிக்கவும்" என்று மூஞ்சியில் அடித்ததும் நடந்தது.

மழைக்காலம்

சரி, சம்பளத்துக்கும் இரண்டு வழி வைத்து எழுதலாமா?

ரிட்டயர்டு பி.எம்.

குறைந்த வழியைத்தான் கொடுப்பார்கள் தம்பி.

லாபக் கணக்கு

ரிட்டயர்டு சார் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், பாதி. அக்கா, லைன் 5-ல் கடைசியில் என்ன ஆச்சு? அதைச் சொல்லாமலே விட்டுட்டீங்க.

செக்கிங் மேஜை (திருப்பூர்)

நெக் ரிப் ஆல்டர் நன்றாகவே குறைந்தது. பாட்டம் மடிப்பில் எந்த மாற்றமும் இல்லை, அங்கே நாங்கள் பார்க்கவே இல்லையே. கடைசி மேஜையில் பீஸ் தேங்கியது, எழுதியதைவிட அதிக நாள். தேங்கும் என்று முன்னாலேயே எழுதியிருந்ததால் பி.எம். கத்தவில்லை.

முதலாளியிடம் பி.எம். இதைத் தன் யோசனையாகத்தான் சொன்னார் என்று அக்கவுண்ட்ஸ் அக்கா சொன்னார். அதில் கொஞ்சம் கடுப்பு உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அவர் யோசனையாக இருப்பதால்தான் இன்னும் நிற்காமல் ஓடுகிறது என்றும் தோன்றுகிறது. லைன் 3 இன்னும் பாக்கி. அந்த சூப்பர்வைசரிடம் பேப்பர் நீட்டினால் வேலைக்கு ஆகாது. லைன் 5 நோட்டை ஒருநாள் அவர் டீ குடிக்கிற நேரத்தில் காட்டலாம் என்று இருக்கிறேன். காட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.