அப்பாவுக்கு வந்த மணிக்கூட்டுப் படம், கதை முடிவு சரியோ?

விசுவமடுப் பெடியன்:
என்ர சிறுகதையில மகன் கட்டாரில அப்பாவுக்கு வாங்கின மணிக்கூட்டைத் தன்ர கையில கட்டி செல்பி எடுத்து அனுப்புறான். அப்பாவும் தங்கச்சியும் பிராண்டைத் தேடிக் கிளிநொச்சிக் கடையெல்லாம் ஏறி இறங்கினம். கடைசியில ஒரு கடைக்காரர் படத்தைப் பாத்து விலை சொல்ல அப்பா அழுறார். நம்புற மாதிரி இருக்கோ?

முறிகண்டியாள்:
இல்லைத் தம்பி. பெடியன் வெயிலுக்க நிண்டு உழைச்சு வாங்கினதை வீட்டுச்சனம் விலை பாக்கப் போகுதுகள் எண்டு எழுதினா எங்கட ஆக்கள் ஆசை பிடிச்சதுகள் எண்டெல்லோ வாசிக்கிறவன் நினைப்பான்? எனக்கு அது நோகுது.

பழைய மணிக்கூட்டுக்காரன்:
அது கிடக்கட்டும், விலை சொன்ன இடந்தான் பிழை. நான் கனகாலம் மணிக்கூடு திருத்தினவன். ஒரே பிராண்டில மலிவும் இருக்கு விலை கூடினதும் இருக்கு, மொடல் நம்பர் பின்மூடியில தான் கிடக்கும், கையில கட்டின படத்தில அது தெரியாது. நகல் எண்டாலும் படத்தில பிடிக்கேலாது.

வவுனியா சுதன்:
ஏன் அலைவான், படத்தைப் போட்டு நெற்றில தேடினா பிராண்ட் வந்திடுமே.

பழைய மணிக்கூட்டுக்காரன்:
வரும், ஆனா செல்பி எல்லோ தம்பி. சில போனில முன் கமராப் படம் இடம்வலம் மாறித்தான் சேவ் ஆகும். ஏ, எம், ரி எழுத்தெல்லாம் அப்பிடியே தெரியும், ஆர், எஸ் தான் திரும்பி நிக்கும், அப்ப பேரே வேற மாதிரி வாசிபடும். கதையில தங்கச்சி இதைக் கண்டுபிடிக்கட்டும். படம் எங்கட நேரம் இரவு பத்தரைக்கு வருது, அப்ப கட்டாரில எட்டு மணி, மணிக்கூட்டில நாலு காட்டுது. அப்பா ஓடாத சாமான் எண்டு கவலைப்படுறார். அவள் தான் பாக்கிறாள், நாலு மணி எண்டா மகனுக்குப் பின்னால யன்னல் ஏன் இருட்டு? நேரம் மாத்திற குமிழும் இடப்பக்கம் நிக்குது. படத்தைத் திருப்பினா முள்ளு எட்டில நிக்கும், பேரும் நேரா வரும்.

கனகபுரம் ரஞ்சி:
எனக்கும் அண்ணை சவுதியால ஒண்டு அனுப்பினவர், ரெண்டு வருசத்தில நிண்டிட்டுது, கிளிநொச்சியில பற்றரி எங்க மாத்தலாம்?

பழைய மணிக்கூட்டுக்காரன்:
தங்கச்சி, பற்றரி மாத்தேக்க மூடியில ரப்பர் வளையம் சரியா இருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி தண்ணி போயிடும்.

விசுவமடுப் பெடியன்:
ஐயா, திருப்பிற விசயம் எடுக்கிறன். ஆனா அக்கா, அப்பா விலை தேடுறது ஆசையில இல்லை, ஏஜென்சிக் கடன் இன்னும் முடியேல்லை, அதுக்குள்ள எவ்வளவு குடுத்திட்டானோ எண்ட பயம்.

முறிகண்டியாள்:
அப்ப அந்தப் பயத்தை முதல் பக்கத்திலயே வையும். பிராண்ட் தெரிஞ்சும் விலை தெரியாமலே அவர் பஸ் ஏறினா எனக்குச் சம்மதம்.

வவுனியா சுதன்:
எனக்கு அழுகை வேணும். விலை தெரியாட்டி எதுக்கு அழுவார்?