கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துவது: ஆங்கிலத் தாளில் உங்களுக்குக் கைகொடுத்த குறிப்புகள்

வாசுகி
ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். வாக்கியங்களைத் தமிழில் தருகிறேன், துப்புச் சொற்கள் மட்டும் தாளில் வருவதுபோலவே இருக்கட்டும்.

1. 'ஹவெவர்', 'தி சப்ஸ்டன்ஸ்' எதுவோ அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க ஃபிளெமிங்கால் முடியவில்லை.
2. 1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் ஆய்வகத் தட்டு ஒன்றில் 'எ மோல்ட்' வளர்ந்திருப்பதைக் கண்டார்.
3. 'அரவுண்ட் இட்' இருந்த பாக்டீரியாக்கள் அழிந்திருந்தன.
4. 'தட் டாஸ்க்' சுமார் பத்தாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் இருவரின் கைக்கு வந்தது.
5. பூஞ்சை 'எ சப்ஸ்டன்ஸ்' ஒன்றை வெளியிட்டு 'தெம்' எல்லாவற்றையும் கொன்றது என்று 'ஹீ' முடிவுசெய்து, அதற்குப் பெனிசிலின் என்று பெயரிட்டார்.

முதல் வாக்கியத்தைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். பிரிக்க முடியாத ஒரு ஜோடி கிடைத்தால் போதும். இங்கே அது 1-4. 'தட் டாஸ்க்' என்றால் செய்ய வேண்டிய ஒரு வேலை முந்தைய வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். பிரித்தெடுக்கும் வேலையைத் தவிர வேறு எதுவும் இங்கே இல்லை.

முத்து
இதைவிடச் சுருக்கமான வழி உண்டு. 'ஹீ' எப்போதும் தனக்குப் பக்கத்தில் உள்ள பெயரைத்தான் குறிக்கும். 1-ல் ஃபிளெமிங் பெயர் இருக்கிறது, எனவே 1-5. விடை 2-3-1-5-4.

வாசுகி
முத்து, பக்கத்துப் பெயரைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் 'ஹீ' இங்கே பலவீனமான துப்பு. ஃபிளெமிங்கைத் தவிர வேறு தனி ஆள் பத்தியில் இல்லாததால், 2-க்குப் பிறகு பல இடங்களில் அது பொருந்தும். 4-க்குப் பிறகு மட்டும் பொருந்தாது, அங்கே இருவர் இருக்கிறார்கள்.

பலமான துப்பு 5-ல் உள்ள 'எ', 1-ல் உள்ள 'தி'. ஒரு பொருளை 'எ' போட்டு அறிமுகம் செய்த பிறகுதான் 'தி' வரும். அதனால் 5-க்குப் பிறகுதான் 1. உங்கள் வரிசையில் 'தி சப்ஸ்டன்ஸ்' வரும்போது வாசகருக்கு அது எந்தப் பொருள் என்றே தெரியாது. 4-ம் தனியாகிவிடுகிறது: பெயர் வைப்பது மற்றவர்கள் தொடர வேண்டிய வேலை அல்லவே.

அடுத்து எண்ணிக்கை. 'தெம்' பன்மை. கொல்லப்படக்கூடிய பன்மைப் பெயர் 3-ல் உள்ள பாக்டீரியாக்கள் மட்டுமே, எனவே 3-5. 'அரவுண்ட் இட்' ஒருமை, சுற்றிலும் இடம் கொண்ட ஒரு பொருள்; 2-ல் உள்ள பூஞ்சை. ஆக 2-3-5-1-4.

ஆனந்தி
'ஹவெவர்' இருக்கும் வாக்கியத்தை அப்படியே 3-க்குப் பின் வைத்துவிடத் தோன்றுகிறது. பாக்டீரியா அழிந்தது, ஆனால் பிரித்தெடுக்க முடியவில்லை என்று படித்தால் இயல்பாகத்தானே இருக்கிறது?

வாசுகி
அதுதான் இந்தக் கேள்வியின் பொறி. எதிர்மறைச் சொல்லுக்கு எந்த நல்ல செய்தியும் முன்னால் ஒட்டிக்கொள்ளும், காதுக்கும் இதமாக இருக்கும். அதனால் இணைப்புச் சொற்களை முதலில் தொடாமல், பிரதிப்பெயர், 'எ-தி', முழுப்பெயர் ஆகியவற்றால் கட்டிய பிறகு அவற்றைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1-ல் ஃபிளெமிங் என்று மட்டும் இருப்பதும் முழுப்பெயர் முன்னால் வந்துவிட்டதற்கு அடையாளம்.

ராபின்
பிரதிப்பெயரில் தொடங்கும் வாக்கியம் முதலில் வரவே வராது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒரே வாக்கியத்துக்குள் சொற்களைக் கலைத்துத் தருகிறார்களே, அதற்கும் இதே முறைதானா?

தமிழரசி
இரண்டாவது வேறு வகைக் கேள்வி. அங்கே எழுவாயையும் வினையையும் முதலில் பிடிக்க வேண்டும். பிரதிப்பெயர்த் துப்பு அதிகம் உதவாது.

முதலாவதற்கு, வரலாம். 'இட் இஸ் ஆஃபன் செட் தட்' என்று தொடங்கும் வாக்கியத்தில் 'இட்' எதையும் சுட்டவில்லை, அது தாராளமாக முதலில் நிற்கும். 'ஆல்தோ ஹீ வாஸ்' என்று தொடங்கி, அதே வாக்கியத்தின் பின்பாதியில் பெயரைச் சொல்வதும் உண்டு. சுட்டப்படும் பெயர் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று கடைசிவரை படித்துவிட்டு ஒதுக்குங்கள்.

முத்து
என் தாளில் நான்கு விடைகளும் கொடுத்திருப்பார்கள். ஒரு ஜோடி உறுதியானதும், அது சேர்ந்து வராத விடைகளை அடித்துவிட்டால் பெரும்பாலும் இரண்டுதான் மிஞ்சும். முழுப் பத்தியையும் கட்டுவது நேர விரயம்.

தமிழரசி
எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே 1-4 ஜோடியை மட்டும் வைத்தால் 2-3-5-1-4, 2-5-3-1-4 இரண்டுமே நிற்கும். 'தெம்' வரைக்கும் போனால்தான் இரண்டாவது விழும். விடைகளே இல்லாமல் வரிசையைத் தட்டச்சு செய்யச் சொல்லும் தாளில் இந்த வழி செல்லவும் செல்லாது.

ஆனந்தி
'ஆல்சோ', 'மோரோவர்' இரண்டும் தனித்தனி வாக்கியங்களில் வந்தால் எது முன்னால்? இடம் மாற்றினாலும் இரண்டும் சரியாகவே படிக்கிறது.

வாசுகி
அவ்விரு சொற்களையும் வைத்து மட்டும் முடிவுசெய்ய வழியில்லை. பெயர்ச்சொற்களைப் பாருங்கள், ஒன்றில் பொதுப்பெயரும் மற்றொன்றில் அதன் உட்பகுதியும் இருந்தால் பொதுப்பெயருக்கு முதலிடம்.

முத்து
'மோரோவர்' பின்னால்தான், அது வாதத்தை வலுப்படுத்தும் சொல்.

தமிழரசி
பல நேரம் அப்படி, எல்லா நேரமும் இல்லை. வேறு துப்பு எதுவும் இல்லாத கேள்வி ஒன்று யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.