பொருள்: தடை, எச்சரிக்கை, கட்டாயம், அப்புறம் அந்தப் பச்சைக் குறி

இளங்கோ எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எந்திரப் பட்டறைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதுகாப்புக் குறிகள் பற்றிய அத்தியாயத்தில் நிற்கிறேன். ஐ.எஸ்.ஓ. 7010 வரிசையில் உள்ள குறிகளுக்கு இப்போதைக்குத் தடைக்குறி, எச்சரிக்கைக்குறி, கட்டாயக்குறி, அவசரக்குறி என்று வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டில் எனக்குத் தயக்கம் இல்லை. கட்டாயக்குறி காதுக்குச் சரியாக ஒலிக்கவில்லை. அவசரக்குறி என்றால் படிப்பவர் மனதில் ஆபத்துதான் வரும். ஆனால் அந்தக் குறி இருப்பதோ ஆபத்திலிருந்து வெளியே போகும் கதவின் மேல். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

ராஜன் எழுதியது:

இளங்கோ, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? சிவப்பு என்றால் தடை, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, நீலம் என்றால் செய்தே ஆக வேண்டும், பச்சை என்றால் பாதுகாப்பு. செங்குறி, மஞ்சட்குறி, நீலக்குறி, பச்சைக்குறி என்று நிறத்தையே பெயராக வைத்துவிடுங்கள். பார்த்ததும் புரியும், யாரும் மறக்க மாட்டார்கள்.

கலைவாணி எழுதியது:

ராஜன் சொல்லும் நிறப் பொருள் சரிதான். ஆனால் நிறத்தைப் பெயராக்கினால் சிவப்பிலேயே சிக்கல் வந்துவிடும். தீயணைப்பான் இருக்கும் இடத்தைக் காட்டும் குறியும் சிவப்புதான். முழுச் சிவப்புச் சதுரம், அதில் வெள்ளையில் தீயணைப்பானும் சுடரும் இருக்கும். அது எதையும் தடுக்கவில்லை, ‘இதை எடு’ என்கிறது. தடைக்குறியிலோ வெள்ளைத் தரையில் கறுப்புப் படம், சுற்றிலும் சிவப்பு வளையம், மேல் இடது பக்கத்திலிருந்து கீழ் வலது பக்கத்துக்கு 45 பாகையில் ஒரு சிவப்புக் கோடு. இரண்டையும் செங்குறி என்று எழுதினால், ‘செங்குறி உள்ள இடத்துக்குப் போகாதே’ என்று கற்றவர் தீயணைப்பானை விட்டு விலகி நிற்பார்.

குறி செய்வது என் தொழில் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். நிறம் எப்போதும் கண்ணுக்குக் கிடைக்காது. ஆண்களில் கணிசமானோருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும். ஒரே மஞ்சளாக எரியும் பழைய தாழ்வழுத்த சோடியம் விளக்கின் கீழ் யாருக்குமே நிறம் பிரியாது. கையேட்டைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் அதே கதிதான். அப்போது பொருளைச் சுமப்பது வடிவம். வளையமும் கோடும் இருந்தால் தடை. முக்கோணம் எச்சரிக்கை. நிரம்பிய வட்டத்துக்குள் வெள்ளைப் படம் இருந்தால் கட்டாயம். சதுரமோ செவ்வகமோ என்றால் ஏதோ ஒன்று இருக்கும் இடம். பெயர் நிறத்திலிருந்தும் வரக்கூடாது, வடிவத்திலிருந்தும் வரக்கூடாது. குறி நம்மிடம் என்ன சொல்கிறதோ அதிலிருந்து வர வேண்டும்.

பாலு எழுதியது:

கலைவாணி அக்கா, முக்கோணம் மஞ்சள் என்கிறீர்கள். நான் பார்த்தவரை எச்சரிக்கை முக்கோணத்தின் ஓரம் சிவப்பு, உள்ளே வெள்ளை. வளைவு, பள்ளிக்கூடம், குறுகிய பாலம் எல்லாமே அப்படித்தான். அதுபோல வேக வரம்புக் குறியில் சிவப்பு வளையம் மட்டும் இருக்கிறது, குறுக்குக் கோடே இல்லை. அப்படியானால் அது தடை இல்லையா?

கலைவாணி எழுதியது:

பாலு, நீங்கள் சொல்வது சாலைக் குறிகள். அவற்றுக்கு 1968 வியன்னா உடன்பாடு என்ற தனி வழி இருக்கிறது, அங்கே கோடில்லாத வளையமும் தடைதான். இளங்கோ கேட்பது வேலையிடத்துக் குறிகளை. அங்கே முக்கோணம் மஞ்சள் தரையும் கறுப்பு ஓரமும் கொண்டது, மஞ்சள் குறைந்தது பாதிப் பரப்பையாவது நிரப்ப வேண்டும். இரண்டும் உறவுக்காரர்கள், ஆனால் ஒரே வீட்டில் இல்லை. கையேட்டில் ஒரு வரியில் இதைச் சொல்லிவிடுவது நல்லது. பாலுவுக்கு வந்த ஐயம் பலருக்கும் வரும்.

தேவி எழுதியது:

நான் சொற்களைப் பற்றிப் பேச வரவில்லை, எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சாணைக்கல் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பாதுகாப்புக் கண்ணாடியின் படம், அதைச் சுற்றிச் சிவப்பு வளையம், படத்தின் குறுக்கே கோடு. கீழே ‘கண்ணாடி இல்லாமல் வேலை செய்யாதே’ என்ற வாசகம். புதிதாகச் சேர்ந்த பையன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு எந்திரத்தை ஓட்டினான். கேட்டதற்கு, ‘கண்ணாடி போடக்கூடாது என்றுதானே போட்டிருக்கிறது’ என்றான். அவனுக்கு அந்த வாசகம் படிக்கத் தெரியவில்லை, வேறு மொழிக்காரன். நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. தவறு யாருடையது என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

கலைவாணி எழுதியது:

தேவி, பையன் குறியைச் சரியாகத்தான் படித்திருக்கிறான். வளையமும் கோடும் உள்ளே இருக்கும் படத்தை ‘வேண்டாம்’ என்கின்றன. உள்ளே கண்ணாடி இருந்தால் கண்ணாடி வேண்டாம் என்றுதான் பொருள். ஸ்டிக்கர் செய்தவர் ‘இல்லாமல்… செய்யாதே’ என்ற வாசகத்தில் ‘செய்யாதே’யைப் பார்த்ததும் தடை வளையத்துக்குப் போய்விட்டார். அந்த வாசகத்தில் எதிர்மறை இரண்டு தடவை வருகிறது. படத்தால் ஒரு எதிர்மறையைத்தான் காட்ட முடியும், இரண்டாவது வாசகத்திலேயே தங்கிவிட்டது.

குறி தேர்ந்தெடுக்கும்போது நான் செய்வது இதுதான். வாசகத்தில் இரண்டு எதிர்மறை இருந்தால் முதலில் நேராக்கிக்கொள்வேன். ‘கண்ணாடி இல்லாமல் வேலை செய்யாதே’ என்பது ‘கண்ணாடி அணி’ ஆகிவிடும். அப்புறம் கடைசியில் நிற்கும் வினையைப் பார்ப்பேன். ‘அணி’ என்று ஏவினால் நீல வட்டம். ‘புகைக்காதே’ என்று விலக்கினால் சிவப்பு வளையமும் கோடும். ‘இங்கே உயர் மின்னழுத்தம் இருக்கிறது’ என்று தகவல் மட்டும் சொன்னால் மஞ்சள் முக்கோணம், என்ன செய்வது என்பதைப் பார்ப்பவர் தீர்மானிக்கிறார். ‘கண் கழுவும் குழாய் இங்கே’ என்று இடம் காட்டினால் பச்சை.

உங்கள் எந்திரத்துக்கு வேண்டியது நீல வட்டத்தில் கண்ணாடி அணிந்த வெள்ளைத் தலை, அந்த வரிசையில் M004. வாசகம் வேண்டுமானால் கீழே தனிப் பட்டையில் ‘பாதுகாப்புக் கண்ணாடி அணிக’ என்று போடுங்கள். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

முத்தையா எழுதியது:

வினையை வைத்துப் பிரிப்பது நல்ல வழி. அதிலிருந்தே சொல்லும் கிடைத்துவிடும். பரிமேலழகர் அறத்தைச் சொல்லும்போது ‘விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்’ என்கிறார். செய் என்பதற்கு விதி, செய்யாதே என்பதற்கு விலக்கு என்று இணைச்சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. விதிக்குறி, விலக்குக்குறி என்று வையுங்கள். ‘கட்டாயம்’ வற்புறுத்தலின் மணம் உள்ள சொல்.

இளங்கோ எழுதியது:

ஐயா, இணை அழகாக இருக்கிறது. ஆனால் இன்றைய காதில் ‘விலக்கு’ என்றால் சலுகை. வரி விலக்கு, தேர்வு விலக்கு என்றுதான் கேட்கிறோம். விலக்குக்குறி என்று படித்தால் ‘இங்கே விதி பொருந்தாது’ என்று ஒருவர் நினைக்கலாம், அது நேர் எதிர்ப் பொருள். ‘விதி’யும் தலைவிதி வரை போய்வரும் சொல். அதனால் தடைக்குறி அப்படியே இருக்கட்டும். நீலத்துக்கு நீங்கள் சொன்ன திசையிலேயே போய் ‘ஏவற்குறி’ என்று வைக்கலாமா? வினையை வைத்துக் கலைவாணி சொன்னதோடும் பொருந்துகிறது.

முத்தையா எழுதியது:

விலக்கு பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஏவற்குறி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பட்டறையில் ‘ஏவல்’ என்றால் வேலைக்காரரை ஏவுவது, பேயை ஏவுவது இரண்டும்தான் நினைவுக்கு வரும். இலக்கணம் படித்தவருக்கு மட்டுமே தெளிவான சொல் அது. அதைவிட ‘கட்டாயக்குறி’ மேல் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

ராஜன் எழுதியது:

வினைச் சோதனையில் எனக்கு ஒரு கேள்வி. தீயணைப்பான் குறியும் ‘இங்கே இருக்கிறது’ என்றுதான் சொல்கிறது, முதலுதவிப் பெட்டிக் குறியும் அப்படித்தான். வினை ஒன்று, வடிவம் ஒன்று, நிறம் மட்டும் வேறு. அங்கே எதை வைத்துப் பிரிப்பீர்கள்?

கலைவாணி எழுதியது:

அந்த இடத்தில் வினை உதவாது, ராஜன். யாருக்காக என்று பார்க்க வேண்டும். சிவப்புச் சதுரம் தீயை அணைக்கும் கருவிக்கு. பச்சை மனிதருக்கு: வெளியேறும் வழி, கூடும் இடம், முதலுதவி, கண் கழுவும் குழாய், தூக்குப்படுக்கை.

அதனால்தான் பச்சைக்கு ‘அவசரம்’ வேண்டாம் என்கிறேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. ஐரோப்பாவின் 1992 பணிப்புரை, எண் 92/58, பச்சைக் குறிகளை அவசர வெளியேற்றம் அல்லது முதலுதவிக் குறி என்று வரையறுக்கிறது. அதில் முதல் சொல் மட்டும் எல்லோர் வாயிலும் தங்கிவிட்டது. ஆனால் பட்டறையில் ‘அவசரம்’ ஏற்கெனவே வேறு பொருளுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு எந்திரத்திலும் மஞ்சள் தரையில் காளான் போன்ற சிவப்புப் பட்டன் இருக்கும், அதுதான் அவசர நிறுத்தம். ‘அவசரக்குறியைப் பார்த்துப் போ’ என்றால் தொழிலாளி அந்தப் பட்டனை நோக்கித்தான் போவார்.

ஜெர்மன்காரர்கள் இதற்கு மீட்பு என்று பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள். ‘மீட்புக்குறி’ என் முன்மொழிவு.

தேவி எழுதியது:

மீட்பு என்றால் யாரோ வந்து தூக்கிக்கொண்டு போவது போல இருக்கிறதே. வெளியேறும் கதவில் அப்படி யாரும் வருவதில்லை, நாமே நடந்து போகிறோம். கண் கழுவும் குழாயிலும் நாமே போய்க் கழுவுகிறோம். எங்கள் ஆட்களிடம் ‘காப்புக்குறி’ என்று சொல்லிப் பார்த்தேன், உடனே புரிந்துகொண்டார்கள்.

முத்தையா எழுதியது:

தேவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீல வட்டமும் காப்புத்தானே? தலைக்கவசமும் கண்ணாடியும் காப்பவைதாம். ‘காப்புக் கண்ணாடி அணிக’ என்று ஏவற்குறியில் எழுதிவிட்டு, பச்சையைக் காப்புக்குறி என்றால் இரண்டும் உரசும்.

இளங்கோ எழுதியது:

இதுவரை வந்ததை வைத்து வரைவை இப்படித் திருத்துகிறேன். தடைக்குறி, எச்சரிக்கைக்குறி இரண்டும் உறுதி. நீலத்துக்கு உள்ளுரையில் கட்டாயக்குறி, முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் ‘செய்தே ஆக வேண்டியவை’ என்ற விளக்கம். தீயணைப்புக் கருவிக் குறியைத் தனியாகவே பிரித்து எழுதுகிறேன், ராஜனின் கேள்விக்கு அப்புறம் அதைப் பச்சையோடு ஒரே பத்தியில் வைக்க முடியாது. தேவி சொன்ன சாணைக்கல் ஸ்டிக்கரை, பட்டறை எது என்று தெரியாதபடி, எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா?

பச்சையைத் தீர்க்காமல் விட்டிருக்கிறேன். மீட்புக்குறி, காப்புக்குறி இரண்டையும் சில தொழிலாளர்களிடம் படம் காட்டாமல் சொல்லி, எந்தக் குறி நினைவுக்கு வருகிறது என்று கேட்கப் போகிறேன். நீல வட்டத்தைச் சொல்பவர் அதிகம் என்றால் காப்பு போய்விடும்.

தேவி எழுதியது:

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீல ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. ஒரு சந்தேகம்: எந்திரத்தின் பின்பக்கம் ‘கவசமூடி இல்லாமல் இயக்காதே’ என்று இன்னொன்று இருக்கிறது. அதையும் நேராக்கினால் ‘கவசமூடியைப் பொருத்து’ என்று வருகிறது. அப்படியானால் அதுவும் நீலம்தானே, அக்கா?

கலைவாணி எழுதியது:

நீலம்தான். ஆனால் சாணைக்கல்லில் கவசமூடி கழன்றிருந்தால் எந்திரமே ஓடாதபடி சுவிட்ச் வைக்க முடியுமா என்று முதலில் மின்பணியாளரிடம் கேளுங்கள். அது முடிந்தால் ஸ்டிக்கரை நம்பியிருக்க வேண்டியதில்லை.