அணியின் ஐகன் மதிப்பைக் கண்டுபிடிக்கும் க்யூஆர் சுற்றுகளைக் கையால் போட்டுப் பார்த்தவர்கள் உண்டா?

மாலதி: ஐகன் மதிப்பு எப்படி வெளியே வருகிறது என்று பார்க்க ஒரு சின்ன அணியை எடுத்தேன்: A = [2 1; 1 2]. விடை 3, 1 என்று முன்பே தெரியும். Q செங்குத்து அணி, R மேல் முக்கோண அணி என்று வைத்து A = QR என்று பிரித்து, RQ என்று திருப்பிப் பெருக்கினால் [2.8 0.6; 0.6 1.2] வந்தது. அதையே மறுபடி பிரித்துப் பெருக்க, ஓரத்து 0.6 முதலில் 0.2195 ஆனது, அப்புறம் 0.074, அப்புறம் 0.0247. மூலைவிட்டம் 3, 1 பக்கம் நகர்கிறது. வரிசையை மாற்றிப் பெருக்குவதில் அப்படி என்ன இருக்கிறது?

அருள்: RQ எதற்கு? R-இன் மூலைவிட்டத்தைப் படித்தாலே போதும். நான் அப்படித்தான் எடுப்பேன்.

சண்முகம்: அருள், சுற்றுகள் ஓடி முடிந்த பிறகு அளவு சரியாக வரும், ஆனால் குறி போய்விடும். -4 இருந்தால் R-இல் 4 என்றுதான் தெரியும். அந்தக் கழித்தல் குறி Q-வில் உட்கார்ந்திருக்கும். முதல் சுற்றிலோ அளவும் வராது: மாலதியின் அணிக்கு 2.236, 1.342.

மாலதி, R என்பது Q⁻¹A. ஆகவே RQ என்பது Q⁻¹AQ. அதே அணியை வேறு அச்சுகளில் எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். ஐகன் மதிப்பு மாற வழியில்லை. எல்லாச் சுற்றுகளின் Q-களையும் பெருக்கிப் பாருங்கள். அதன் முதல் நிரல், A-யால் திரும்பத் திரும்பப் பெருக்கிய வெக்டரின் திசை. அது பெரிய ஐகன் மதிப்பின் திசைக்குச் சாய்கிறது, அதனால் கீழ் உறுப்பு தேய்கிறது. தேயும் வேகம் 1/3, இரண்டு மதிப்புகளின் விகிதம்.

தேன்மொழி: நான் தரவுக்குக் கோடு பொருத்த க்யூஆர் போடுவேன். ஒரு தடவை பிரித்தால் வேலை முடிந்தது. ஏன் இத்தனை சுற்று?

சண்முகம்: அது சமன்பாடு தீர்க்கிற வேலை. இங்கே பிரிப்பது ஒரு படி மட்டும்.

ரஹீம்: எனக்கு [0 1; 1 0] அசையவே இல்லை. அதுவே Q, R வெறும் அலகு அணி, பெருக்கினால் அதே அணி திரும்பி வருகிறது.

சண்முகம்: வரத்தான் செய்யும். மதிப்புகள் 1, -1. அளவில் சமம், விகிதம் 1. மூலைவிட்டத்தில் 0.5 கழித்துவிட்டுப் பிரியுங்கள், பெருக்கிய பின் திரும்பக் கூட்டுங்கள். இப்போது 0.5, -1.5 என்று ஆகி விகிதம் 1/3 ஆகிவிடும்.

மாலதி: சரி, [2.8 0.6; 0.6 1.2]-இல் கடைசி மூலையின் 1.2-ஐக் கழித்துப் பார்த்தேன். குறியை விட்டால் ஒரே சுற்றில் 0.074. அடுத்த சுற்றில் புது மூலை மதிப்பைக் கழித்தேன்: 0.0001!

ரஹீம்: என்னிடம் ஒரு 3×3 இருக்கிறது. ஒரு மதிப்பு தனியாகப் பிரிந்துவிட்டது, மிச்ச 2×2 கட்டம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் எண்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

சண்முகம்: சிக்கலெண் ஜோடியாக இருக்கும். மெய்யெண்களிலேயே ஓட்டினால் அது முக்கோணமாகாது. அந்தக் கட்டத்தின் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அருள்: எவ்வளவு சின்னதானால் பூஜ்யம் என்று வெட்டுகிறீர்கள்? நான் 10⁻⁸ வைத்திருக்கிறேன்.

ரஹீம்: பக்கத்து மூலைவிட்ட உறுப்புகளோடு ஒப்பிட்டு வெட்டுவேன். அவையே குட்டி எண்களாக இருந்தால் உங்கள் 10⁻⁸ பெரிய எண்தான்.