டூர் போயும் தீராத ஷிஃப்ட் சண்டை: டீம் பில்டிங்கா, சர்வேயா?

ஆரல்வாய்மொழி எச்.ஆர்.

நாகர்கோவில் பக்கம் ஒரு மீன்வலைக் கம்பெனி. நெசவுப் பிரிவில் ஷிஃப்டுக்கு 18 பேர், மூணு ஷிஃப்டுக்கு 54 பேர். ஷிஃப்டுக்கு ஒரு சூப்பர்வைசர், எல்லாருக்கும் மேலே ஒரு மேனேஜர். முடிச்சு தளர்ந்திருக்கு, கண் விட்டிருக்குன்னு மென்டிங் பிரிவு பீஸைத் திருப்பி அனுப்புது. யாரைக் கேட்டாலும் முந்தின ஷிஃப்டைக் கைகாட்டுதாங்க. லீவு கூடிப்போச்சு, சொல்லாம நிக்கிறவங்களும் உண்டு.

நிர்வாகம் எல்லாரையும் திற்பரப்புக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் கூட்டிட்டுப் போய், ஒரு ட்ரெய்னரை வச்சு கயிறு இழுக்கவும் பலூன் ஊதவும் விட்டாங்க. ஒரு வாரம் சிரிச்சுப் பேசினாங்க. பிறகு பழைய கதைதான். இப்ப இன்னும் ரெண்டு நாள் டீம் பில்டிங் போடலாம்னு பேச்சு. சர்வே எடுக்கணும்னு வேற ஒருத்தர் சொல்லுதார். இது மாதிரி இடங்களைப் பார்த்தவங்க சொல்லுங்க.

முட்டம் ட்ரெய்னர்

டூர் வேற, டீம் பில்டிங் வேற சார். பலூன் ஊதினதில் முடிச்சு இறுகாது. ஆனா ஆளுக்கு ஆள் சண்டைன்னா மருந்து டீம் பில்டிங்தான். கடற்கரைப் பக்கம் ஒரு ஹால் பிடிச்சு, ரெண்டு நாள் போனை வாங்கி வச்சுட்டு, மனசில் உள்ளதைக் கொட்டச் சொல்லுங்க. உறவு சரியானா வேலை தானா சரியாகும். சர்வே எல்லாம் ஆயிரம் பேர் வேலை செய்யிற இடத்துக்கு.

தக்கலை அண்ணாச்சி

முதல் பாதி சரி. மறுபாதியில்தான் பல கம்பெனிகளின் பணம் போகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, இந்த 54 பேரும் ஒரு டீமா என்பது. காலை ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் சேர்ந்து எந்த முடிவும் எடுப்பதில்லை. ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடத்தில் மெஷினைக் கைமாற்றுவதுதான் அவர்களுக்குள் உள்ள உறவு. டீம் பில்டிங் பலன் தருவது ஒன்றாகக் கூடி முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு. இங்கே அது மேனேஜர், மூன்று சூப்பர்வைசர், மெஷின் ஃபிட்டர், மென்டிங் பொறுப்பாளர் என ஆறு பேர்.

அந்த ஆறு பேரிடமும் உறவில் ஆரம்பிக்கக் கூடாது. ரிச்சர்ட் பெக்கார்ட் 1972-இல் எழுதி வைத்த வரிசை இன்றைக்கும் உதவுகிறது: இலக்கு, யார் எதற்குப் பொறுப்பு, வேலை நடக்கும் முறை, கடைசியில் உறவு. மேலே உள்ளது குழம்பிக் கிடந்தால் அது கீழே மனஸ்தாபமாகத் தெரியும். "அவன் வேணும்னே செய்யுதான்" என்று இரண்டு சூப்பர்வைசர்கள் முறைத்துக்கொண்டால், பாதி நேரம் காரணம் எளிதாக இருக்கும்: கோளாறான மெஷினை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எங்கும் எழுதியிருக்காது. இதை விட்டுவிட்டு மனசைக் கொட்டச் சொன்னால், கொட்டியதைத் திங்கட்கிழமை யாரும் அள்ள முடியாது.

உங்கள் இடத்தில் கோளாறு எந்த ஷிஃப்டில், எந்த வேலையில் என்பதே இன்னும் தெரியவில்லை. அதனால் முதலில் சர்வே ஃபீட்பேக், அதில் கிடைப்பதை வைத்து அந்த ஆறு பேர் உட்காருவது. ஆயிரம் பேர் வேண்டியதில்லை. ஷிஃப்டுக்கு 18 பேர் தாராளம்.

ஆரல்வாய்மொழி எச்.ஆர்.

சர்வே போன வருஷமே ஹெட் ஆபீஸில் இருந்து எடுத்தாங்க அண்ணாச்சி. 60 கேள்வி. ரிப்போர்ட் எம்.டி. மேசையில் இருக்கு.

தக்கலை அண்ணாச்சி

அது சர்வே. ஃபீட்பேக் நடக்கவே இல்லை. 1940-களின் கடைசியில் டெட்ராய்ட் எடிசன் மின் கம்பெனியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இதைச் செய்தபோதே தெரிந்துவிட்டது. முடிவை மேலாளர் கையில் கொடுத்ததோடு நிறுத்திய பிரிவுகளில் பெரிய மாற்றம் இல்லை. ஒவ்வொரு குழுவும் தன் மேலாளரோடு உட்கார்ந்து தன் எண்ணையே பார்த்துப் பேசிய பிரிவுகளில்தான் மாறியது. ஃப்ளாய்ட் மான் அந்தக் கூட்டங்களைச் சங்கிலி போல மேலிருந்து கீழே கோத்தார்.

முதலில் ஒரு பத்துப் பன்னிரண்டு பேரிடம் தனித்தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். கேள்விகள் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். 20 கேள்விக்கு மேல் வேண்டாம். "உங்கள் சூப்பர்வைசர் நல்லவரா" என்று கேட்காதீர்கள். "ஷிஃப்ட் மாறும்போது எந்த மெஷினில் கோளாறு என்று எனக்குச் சொல்லப்படுகிறது" என்று, நடப்பதைக் கேளுங்கள். நிர்வாகம் தொடத் தயாராக இல்லாத எதையும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டுச் செய்யாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

காகிதத்தில் டோக்கன் நம்பர் வேண்டாம். ஷிஃப்ட் எது என்பது மட்டும் போதும். வயது, சர்வீஸ், ஊர் என்று மூன்று கேட்டாலே 18 பேரில் ஆளைப் பிடித்துவிடலாம், அது அவர்களுக்கும் தெரியும். எட்டுப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவின் முடிவையும் தனியாகக் காட்டாதீர்கள். கேண்டீனில், வேலை நேரத்திலேயே, சூப்பர்வைசர் இல்லாத வேளையில் 20 நிமிடம். வாசிக்கத் தயங்குபவர்களுக்காக ஒருவர் கேள்வியைச் சத்தமாகப் படிக்கட்டும். வடமாநிலப் பிள்ளைகள் இருந்தால் இந்தியிலும் வேண்டும்.

எல்லோரும் கோட்டை விடுவது சராசரியில். ஒரு கணக்குப் பாருங்கள். மேலே சொன்ன கேள்விக்கு ஐந்து மதிப்பெண். ஒரு ஷிஃப்டில் 3 பேர் 2, 12 பேர் 3, 3 பேர் 4 போடுகிறார்கள். இன்னொரு ஷிஃப்டில் 8 பேர் 1, 2 பேர் 3, 8 பேர் 5. இரண்டுக்கும் சராசரி 3.0. ரிப்போர்ட்டில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது ஷிஃப்டில் எட்டுப் பேருக்குத் தகவல் வருகிறது, எட்டுப் பேருக்கு வரவே இல்லை. கூட்டத்தில் இந்தப் பிளவைப் போர்டில் வரைந்து "இது ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசர் மேசைக்கு அருகில் உள்ள வரிசைக்குச் சொல்கிறார்கள், பின் வரிசைக்குச் சொல்வதில்லை என்பது போன்ற பதில் அவர்களிடமிருந்தே வரும்.

வரிசை முக்கியம். மேனேஜர் மொத்த எண்ணைப் பார்க்கிறார். ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் ஷிஃப்ட் எண்ணை முதல் நாளே தனியாகப் பார்க்கிறார். கோபமும் மறுப்பும் அங்கேயே அடங்கட்டும். மறுநாள் அவரே தன் 18 பேரோடு ஒன்றரை மணி நேரம் உட்காருகிறார். வெளியாள் பக்கத்தில் இருக்கலாம், நடத்தக் கூடாது. சர்வே எடுத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் இது நடக்க வேண்டும். தள்ளிப்போனால் ஆட்கள் மாறிவிடுவார்கள், எண் பழசாகிவிடும். ஒரு கூட்டத்தில் இரண்டு விஷயத்துக்கு மேல் எடுக்காதீர்கள். தாங்களே செய்யக்கூடியது ஒன்று, மேலே அனுப்ப வேண்டியது ஒன்று. மேலே அனுப்பியதற்கு எந்தத் தேதியில் பதில் என்று அங்கேயே சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் சிஸ்டர்

எங்க ஆஸ்பத்திரியிலயும் இதே பிரச்சனைதான் சாரே. பில்லிங் கவுண்டர்ல ஆறு பேரு. டிஸ்சார்ஜ் பில் லேட்டாவுது. ஃபார்மசி ரிட்டர்ன் யாரு பாக்கணும், காப்பீட்டுத் திட்டத்துப் பேப்பரை யாரு அனுப்பணும்னு தினமும் வழக்கு. இந்த 20 கேள்வியை எங்களுக்கும் போடலாமா?

தக்கலை அண்ணாச்சி

வேண்டாம் சிஸ்டர். ஆறு பேரில் எழுத்தைப் பார்த்தே ஆள் தெரியும். அது மட்டுமல்ல, உங்கள் பிரச்சனை எது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்: யாருக்கு எது வேலை. அதற்கு சர்வே எதற்கு?

ஈஸ்வர் தயாளும் ஜான் தாமஸும் இந்தியாவிலேயே ஒரு புதிய நிறுவனத்தில் செய்து, 1968-இல் எழுதிய முறை உங்களுக்குப் பொருந்தும். ஒரு உட்காரலுக்கு ஒரே ஒரு வேலை. அந்த இடத்தில் இருப்பவர் தான் என்னென்ன செய்ய வேண்டும், எதைக் கேட்காமல் முடிவெடுக்கலாம் என்று நினைக்கிறாரோ அதைப் போர்டில் எழுதுகிறார். மற்றவர்கள் கூட்டுகிறார்கள், வெட்டுகிறார்கள். பிறகு அவர் மற்றவர்களிடம் எதிர்பார்ப்பதைச் சொல்கிறார், அவர்கள் தாங்கள் எதிர்பார்ப்பதைச் சொல்கிறார்கள். ஒத்துக்கொண்டதை அவரே ஒரு பக்கமாக எழுதி அடுத்த முறை வாசிக்கிறார். இன்சார்ஜின் வேலையில் தொடங்குங்கள். அவர் முதலில் உட்கார்ந்தால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். ஃபார்மசியிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் எழுதினால் ரிட்டர்ன் முழுக்க அவர் தலையில்தான் விழும்.

தோவாளை மெக்கானிக்

எல்லாம் சரி அண்ணாச்சி. ஆனா ஷாப்ல யாரும் உண்மையை எழுத மாட்டான். எல்லாத்துக்கும் 5 போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவான். இன்னொண்ணு, எச்.ஆர். சார் எழுதாத விஷயம் ஒண்ணு இருக்கு. இன்சென்டிவ் எதுக்குக் குடுக்குறீங்க? ஷிஃப்டு போட்ட கிலோவுக்கா?

ஆரல்வாய்மொழி எச்.ஆர்.

ஆமா. ஷிஃப்ட் வாரியா கிலோ கணக்கு. மென்டிங் திருப்பி அனுப்பினது அதில் கழியாது.

தோவாளை மெக்கானிக்

அப்ப முடிஞ்சு. கடைசி அரை மணி நேரத்துல முடிச்சு தளர்ந்து வருதுன்னு தெரிஞ்சாலும் எவன் மெஷினை நிறுத்துவான்? நிறுத்தினா அவன் கிலோ போச்சு. ஓட விட்டா அடுத்த ஷிஃப்ட்காரன் தலைவலி. இதுக்கு சர்வேயும் வேண்டாம், முட்டத்துல ஹாலும் வேண்டாம்.

தக்கலை அண்ணாச்சி

இது நல்ல கேள்வி. கணக்கு அப்படியென்றால் சண்டையைச் சம்பளமே வளர்க்கிறது. திருப்பி வந்த பீஸின் எடையை நெய்த ஷிஃப்டில் கழிக்கலாம், அல்லது மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து நல்ல கிலோவுக்கு இன்சென்டிவ் கொடுக்கலாம். முதல் வழிக்கு ஒவ்வொரு பீஸிலும் மெஷின், ஷிஃப்ட், நேரம் எழுதிய சீட்டு வேண்டும். பீஸ் பாதியில் கைமாறினால் யார் கணக்கு என்ற வழக்கு புதிதாக வரும். இரண்டாவதில் நன்றாக நெய்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

எல்லோரும் 5 போட்டால் அதுவும் தகவல்தான். 54 பேரும் எல்லாம் சரி என்கிறார்கள், மென்டிங்கில் பீஸ் குவிகிறது என்றால், பயம் எவ்வளவு என்று தெரிகிறது. அப்போது மேலே போகாமல் நிறுத்திவிடுங்கள்.

முட்டம் ட்ரெய்னர்

இன்சென்டிவ்தான் காரணம்னா லீவு ஏன் கூடுது? கிலோ வேணும்னா வேலைக்கு வரத்தானே செய்வான்? ஒரு ஷிஃப்டில் மட்டும் லீவு கூடியிருந்தா அது சூப்பர்வைசர் பிரச்சனை. இதையும் பாருங்க.

தக்கலை அண்ணாச்சி

நியாயம். லீவு ரிஜிஸ்டரை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப் போடுங்கள். அதற்கு யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஆரல்வாய்மொழி எச்.ஆர்.

பிரிச்சுப் பார்த்தாச்சு. லீவு ரெண்டாம் ஷிஃப்டில்தான் கூடுதல். ஆனா மென்டிங் ரிட்டர்ன் மூணு ஷிஃப்டிலயும் உண்டு. அப்ப ரெண்டும் வேற வேற பிரச்சனை போல.

எம்.டி.கிட்ட இன்சென்டிவ் பத்திப் பேசினேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வர்ற வலை ஆர்டர் எல்லாம் முடியட்டும்னு சொல்லிட்டார். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1-ல் இருந்து ஜூலை 31 வரை படகு கட்டிக் கிடக்கும்போதுதான் எங்களுக்கு நெருக்கடி. ஆகஸ்டில் சர்வே வைக்கலாமா, இல்ல இன்சென்டிவ் மாத்தின பிறகா?

தக்கலை அண்ணாச்சி

மாற்றுவதற்கு முன்னாலேயே எடுங்கள். அப்போதுதான் ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளைப் போட்டு ஒப்பிட முடியும். இன்சென்டிவ் பற்றி ஒரு கேள்வி சேர்ப்பதானால் எம்.டி. அதை மாற்றுவதாக முதலில் கையெழுத்துப் போடட்டும். போடாவிட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

தோவாளை மெக்கானிக்

அதை எடுத்துட்டா மிச்சம் 19 கேள்வியை எதுக்குக் கேக்கணும்?