பொருள்: வேபர் சொல்லும் ‘ஸ்டேட்டஸ்’: அந்தஸ்து என்றே விட்டுவிடலாமா?

மீனாட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சமூகவியல் முதலாண்டுப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். மாக்ஸ் வேபர் அத்தியாயத்தில் வேலை நின்றுவிட்டது. ஏற்றத்தாழ்வை அவர் கிளாஸ், ஸ்டேட்டஸ், பார்ட்டி என்று மூன்று தனித்தனி அச்சுகளில் பார்க்கிறார். முதலாவதற்கு வர்க்கம், மூன்றாவதற்குக் கட்சி என்று வைத்துவிட்டேன். நடுவில் இருப்பதற்கு அந்தஸ்து என்று எழுதினேன். ஆனால் “பெரும் பணக்காரர், ஆனால் அந்தஸ்து இல்லாதவர்” என்று எழுதினால் மாணவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். பேச்சில் அந்தஸ்து என்றாலே பணமும் சேர்ந்து வந்துவிடுகிறதே. வேறு சொல் உண்டா?

அன்வர் எழுதியது:

அந்தஸ்தே இருக்கட்டும் தோழர். மக்கள் பணத்தையும் மதிப்பையும் ஒரே சொல்லில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சொத்து இருக்கும் இடத்துக்குத்தான் மரியாதை போகும். சொத்து எப்போதும் உடனடியாக மதிப்பைத் தராவிட்டாலும், நாளடைவில் தவறாமல் தந்துவிடுகிறது என்று வேபரே ஒப்புக்கொள்கிறார். அப்புறம் எதற்குத் தனி அச்சு?

கதிரேசன் எழுதியது:

அன்வர் காட்டும் கருத்து வேபரிடம் இருப்பது உண்மை. ஆனால் அதிலுள்ள ‘நாளடைவில்’ என்பதைத் தாண்டிப் போகக் கூடாது. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அவர் கண்ணெதிரே இருந்த ஜெர்மனியிலிருந்தே ஒரு மனிதரைச் சொல்கிறேன். வேபர் இவரை உதாரணமாக எடுக்கவில்லை, தேர்வு என்னுடையது.

கெர்சோன் பிளைக்ரோடர், பிஸ்மார்க்கின் வங்கியாளர், பெர்லினின் மிகப் பெரிய செல்வர்களில் ஒருவர். 1872-ல் அவருக்குப் பரம்பரைப் பிரபுப் பட்டம் கிடைத்தது. மதம் மாறாத யூதர் ஒருவருக்குப் பிரஷ்யாவில் அது மிக அரிது. போர் அமைச்சராக இருந்த ரோனின் பண்ணையையும் அவர் விலைக்கு வாங்கினார். பணம், பட்டம், நிலம் மூன்றும் கைக்கு வந்தாயிற்று. உயர்குடியினர் அவர் வீட்டு விருந்துக்கு வந்தார்கள், அவரிடம் கடனும் ஆலோசனையும் பெற்றார்கள். தங்களில் ஒருவராக மட்டும் அவரை ஏற்கவில்லை.

மறுபக்கம் எல்ப் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த யுங்கர் நிலவுடைமையாளர்களைப் பாருங்கள். 1870-களிலிருந்து அமெரிக்க, ரஷ்யத் தானியம் வந்து குவிந்து விலை சரிந்தது. பல பண்ணைகள் கடனில் மூழ்கின. ஆனால் ராணுவத்திலும் அரண்மனையிலும் உயர்பதவிகளிலும் அவர்கள் செல்வாக்கு உடனே குறையவில்லை. பொருளாதாரத்தில் சரிந்துவரும் ஒரு வர்க்கம் அரசியல் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பது ஆபத்து என்று 1895-ல் ஃப்ரைபுர்க் உரையில் வேபர் வெளிப்படையாகவே சொன்னார்.

இது ஏன் நடக்கிறது? சந்தை ஆள் பார்க்காது. யார் கொடுத்தாலும் காசு காசுதான். மதிப்பு என்பதோ ஆள் பார்த்துத் தரப்படுவது. நேற்று சம்பாதித்தவருக்கு இன்று முதலே பழைய குடும்பங்களின் மதிப்பு முழுதாகக் கிடைத்துவிட்டால், அந்தக் குடும்பங்களிடம் தனியாக ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் அவர்கள் புதுப் பணத்தைக் கடுமையாகத் தடுக்கிறார்கள். யாரோடு உண்பது, எங்கே பெண் கொடுப்பது, எப்படிப் பேசுவது, எந்த வேலையைச் செய்யவே கூடாது என்ற விதிகளால் தடுக்கிறார்கள். புதுப் பணக்காரரின் பிள்ளைகள் அந்தப் பழக்கங்களிலேயே வளர்க்கப்பட்டால் பெரும்பாலும் உள்ளே விடப்படுகிறார்கள். அன்வர் சொல்லும் ‘நாளடைவில்’ என்பது அநேகமாக ஒரு தலைமுறை.

பிலோமினா எழுதியது:

எனக்கு இது சொந்த அனுபவம். நான் கல்லூரி ஆசிரியர், அண்ணன் வியாபாரி. அவர் வருமானம் என்னுடையதைப்போலப் பல மடங்கு. ஆனால் குடும்பத்தில் ஏதாவது வழக்கு என்றால் என்னைத்தான் மத்தியஸ்தத்துக்குக் கூப்பிடுவார்கள். இதைக் கௌரவம் என்றுதானே சொல்கிறோம்? சம்பளம் வாங்காமல் இதழ் நடத்துபவரைக் ‘கௌரவ ஆசிரியர்’ என்கிறோம். பணம் வேறு, கௌரவம் வேறு என்று அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மீனாட்சி, அதையே வையுங்கள்.

கதிரேசன் எழுதியது:

பிலோமினா, ‘கௌரவம்’ நல்ல சொல். வேபர் ‘எரே’ என்று சொல்லும் இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் உங்கள் உதாரணம் ஒரு தொழிலுக்குக் கிடைக்கும் மரியாதையைக் காட்டுகிறது. நீங்களும் உங்கள் அண்ணனும் ஒரே பந்தியில் உட்காருகிறீர்கள், ஒரே உறவுவட்டத்தில் சம்பந்தம் செய்கிறீர்கள். மீனாட்சி கேட்பது ‘ஷ்டாண்ட்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு. அது ஒரு குழு. தன்னை ஒரு குழுவாக உணர்ந்து, வாழும் முறையால் எல்லை கட்டிக்கொள்வது. வர்க்கத்துக்கு அந்த உணர்வு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சந்தையில் ஒரே நிலைமையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரு வர்க்கமாக இருக்கலாம்.

என் பரிந்துரை: நிலைமைக்கு ‘மதிப்புநிலை’, குழுவுக்கு ‘மதிப்புநிலைக் குழு’. வெறும் ‘மதிப்பு’ போதாது, நிலத்தின் விலையையும் மதிப்பு என்றுதான் சொல்கிறோம். ‘தகுநிலை’ சில நூல்களில் உண்டு. ஆனால் அது தகுதியால் வந்தது என்ற எண்ணத்தைத் தருகிறது. பிளைக்ரோடரிடம் என்ன தகுதி குறைந்தது?

செந்தில் எழுதியது:

நடுச் சொல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். ‘கட்சி’ மட்டும் சரியா? தேர்தலில் நிற்காத அமைப்பையும் வேபர் அதில் சேர்க்கிறார். ஒரு மன்றத்துக்குள்கூடக் கட்சி இருக்கலாம் என்கிறார். ‘அதிகார அணி’ என்று மாற்றலாம்.

மீனாட்சி எழுதியது:

செந்தில், கட்சியை மாற்ற எனக்கு மனமில்லை. வழக்கறிஞர் தன்னிடம் வந்தவரைக் கட்சிக்காரர் என்கிறார். ஒரு சங்கத்துக்குள் இரண்டு தரப்பு உண்டானால் ‘கட்சி கட்டுகிறார்கள்’ என்கிறோம். அந்தப் பழைய அகலம் வேபருக்கு அப்படியே உதவும்.

கதிரேசன் ஐயா, யுங்கர்கள் கதையில் கட்சி எங்கே வருகிறது?

கதிரேசன் எழுதியது:

1890-களின் தொடக்கத்தில் ஜெர்மன் சான்சலர் காப்ரிவியின் அரசு வணிக ஒப்பந்தங்கள் செய்து, கோதுமைக்கான இறக்குமதி வரியை டன்னுக்கு 50 மார்க்கிலிருந்து 35 மார்க்காகக் குறைத்தது. 1893-ல் விவசாயிகள் சங்கம் ஒன்று உருவானது. தலைமை பெரும்பாலும் கிழக்கின் பெரும் நிலவுடைமையாளர்களிடம், உறுப்பினர்களில் பெரும்பகுதி சிறு, நடுத்தர விவசாயிகள். வர்க்கமாகவும் மதிப்புநிலையிலும் இந்த இரு தரப்பும் வேறு வேறு. யுங்கர் வீட்டில் சிறு விவசாயிக்குச் சம இருக்கை கிடையாது. ஆனால் வரி உயர வேண்டும் என்ற ஒரே இலக்குக்காக அவர்கள் ஓர் அமைப்பில் சேர்ந்தார்கள். 1902 சட்டத்தில் வரி மறுபடி ஏறியது. கட்சி வர்க்கத்தின் நிழலோ மதிப்புநிலையின் நிழலோ ஆகிவிடாது. இரண்டிலிருந்தும் ஆள் எடுக்கும், அரசின் முடிவைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கும்.

அன்வர் எழுதியது:

‘மதிப்புநிலை’யை ஏற்கிறேன். ஆனால் உங்கள் கதையையே எனக்குச் சாதகமாகவும் படிக்கலாம். தானிய வரி பண்ணையைக் காப்பாற்றியது, பண்ணைதான் அந்த வாழ்க்கைமுறைக்குச் சோறு போட்டது. வரி இல்லாமல் போயிருந்தால் அந்தக் கௌரவம் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

கதிரேசன் எழுதியது:

நியாயமான கேள்வி. பொருளாதார ஆதாரம் அறவே இல்லாமல் எந்த மதிப்புநிலைக் குழுவும் நெடுங்காலம் நிற்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எந்தப் பணம் மதிப்பாக மாறும், எது மாறாது என்பதைப் பணத்தின் அளவை வைத்துச் சொல்லிவிட முடியாது. 1880-களின் நடுப்பகுதிக்குப் பிறகு பிரஷ்ய ராணுவத்தில் மதம் மாறாத யூதர் ரிசர்வ் அதிகாரியாவது ஏறக்குறைய முடியாமல் போனது. படிப்பும் செல்வமும் இருந்தவர்களுக்கே அந்த நிலை. அவர்கள் எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் ‘நாளடைவில்’ வரவில்லை.

மீனாட்சி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. அத்தியாயத்தில் மதிப்புநிலை, மதிப்புநிலைக் குழு, கௌரவம் மூன்றையும் தனித்தனியாக வைத்து எழுதிப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பிருந்த குருமார், பிரபுக்கள், மற்றவர் என்ற பிரிவுகளையும் ஜெர்மனில் இதே ‘ஷ்டாண்ட்’ என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள். அவை சட்டமே வகுத்த பிரிவுகள். அங்கேயும் ‘மதிப்புநிலைக் குழு’ என்று போடலாமா, வேறு சொல் வேண்டுமா? வரலாறு படித்தவர்கள் சொல்லுங்கள்.