சட்டை விலை: 40 சதவீதம் எதன் மேல்?

வணக்கம். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

திருப்பூரிலிருந்து 100 சட்டை மொத்தமாக எடுக்கிறேன். ஒன்று 10 வெள்ளி, கப்பல் கூலி 1 வெள்ளி. நான் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை, அதனால் இறக்குமதியில் கட்டும் 9 சதவீதத்தைத் திரும்பப் பெற முடியாது. அதையும் சேர்த்தால் அடக்கம் ஏறத்தாழ 12 வெள்ளி.

அடக்கத்தின் மேல் 40 சதவீதம் வைத்தால் விலை 16.80. லாபம் 4.80. அதே 4.80-ஐ விற்பனை விலையோடு வகுத்துப் பார்த்தால் 28.6 சதவீதம்தான் வருகிறது. விற்பனை விலையில் 40 சதவீதம் நிற்க வேண்டுமானால் 12-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும், 20 வெள்ளி.

இப்போது ஒரு கடைக்காரர் சட்டையைத் தன் கடையில் வைத்து விற்றுத் தருகிறேன், "எனக்கு 40 சதவீதம்" என்கிறார். அவர் விற்பனை விலையில் கேட்கிறார் என்றால், 16.80-க்குப் போடும் சட்டையில் அவருக்கு 6.72 போய்விடும். என் கைக்கு 10.08. அடக்கமே வராது! 20 வெள்ளிக்கு விற்றால்கூட எனக்கு அசல் மட்டும்தான். சட்டைக்கு 3 வெள்ளியாவது எனக்கு நிற்க 25 போட வேண்டும். அந்த விலைக்குப் போகுமா என்பதுதான் கவலை.

இங்கே கடைக்காரர்கள் சதவீதம் சொன்னால் வழக்கமாக எதன் மேல் சொல்கிறார்கள்? அப்புறம், தீபாவளித் தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து கழியும்? நீங்கள் இதை எப்படி எழுதி வாங்கிக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.